இறுதி வளைவு

எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் தடத்தை இருமுறை சுற்ற வேண்டும். முதல் வளைவு முடியும்வரை அவரவர் தடத்திலேயே ஓடுவர். பின்னர் அனைவரும் உள்தடத்தை நோக்கி விரைவர். ஒரு வளைவு முழுவதையும் இரண்டாம் தடத்தில் ஓடினால் ஏறத்தாழ 4 மீட்டர் அதிகம் ஓட நேரும். ஆகவே, பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் நான் உள்விளிம்பை ஒட்டியே ஓடினேன். இறுதி வளைவில் முன்னால் ஒருவரும் வலப்புறம் ஒருவருமாக என்னை அடைத்துவிட்டனர். கால்களில் வலிமை இருந்தது, வழி இல்லை. நான்காவதாக முடித்தேன்.

மறு ஆண்டு, முதலில் ஓடியவரின் வலத்தோளுக்குச் சற்றுப் பின்னே ஓடினேன். வளைவுகளில் சில மீட்டர் இழந்தாலும் முந்துவதற்கு வழி திறந்திருந்தது. இறுதி வளைவு முடிந்ததும் எஞ்சிய தூரத்தை முழு வேகத்தில் ஓடினேன். ஓரடியில் இரண்டாமிடம் பெற்றேன். இம்முறை தோற்றது வேகத்தால். ஓடிய இடத்தால் அன்று.