ஒரு போட்டோவுக்கு அடியில் எழுத வேண்டிய இரண்டு வரி

மகள் வீட்டுப் படங்களை எல்லாம் சேர்த்து ஒரு ஆல்பம் போடுகிறாள். பழைய மாதிரி கறுப்பு அட்டையில் ஒட்டுவது இல்லை, புத்தகமாகவே அச்சடித்துத் தருகிறார்களாம். ஒவ்வொரு படத்துக்கு அடியிலும் இரண்டு வரி எழுதித் தரும் வேலையை என்னிடம் விட்டுவிட்டாள். "அப்பா, நீங்கதான் ஆபீஸ்ல நோட் எழுதி எழுதிப் பழகினவங்க" என்றாள். நாற்பது படங்களுக்கு ஒரே வாரத்தில் எழுதி முடித்தேன். ஒரு படம் மட்டும் பத்து நாளாக மேஜையிலேயே கிடந்தது.

2011 ஏப்ரல் 2, சனிக்கிழமை இரவு, மேலநீலிதநல்லூரில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் எடுத்த படம் அது. மும்பை வான்கடே மைதானத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்த நாள். படத்தில் பதினொரு பேர். எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒரு டீமே இருக்கு தாத்தா" என்றான் பேரன். ஒருவர்கூட கேமராவைப் பார்க்கவில்லை. சின்ன மகன் டி.வி. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எடுத்ததால் பெட்டி படத்தில் விழவில்லை. ஸ்கோர் தெரியாது. சுவர்க் கடிகாரம் தெரிகிறது, ஆனால் அது பேட்டரி தீர்ந்து பல மாதமாக நாலே காலில் நின்றிருந்தது.

மகள் தானாகவே ஒரு வரி எழுதி வைத்திருந்தாள்: "இந்தியா கோப்பை வென்ற இரவு." அதில் தப்பு ஒன்றும் இல்லைதான். ஆனாலும் எனக்கு உறுத்தியது. படத்தில் இருக்கிற முகங்கள் ஜெயித்தவர்கள் முகமாக இல்லை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே எங்களுக்கு ஆட்டம் என்றால் கால்பந்துதான். கிரிக்கெட் எனக்கு வேலைக்கு வந்த பிறகு ரேடியோ வழியாக ஒட்டிக்கொண்டது. அந்தப் படிப்பில் ஒரு சொல் இப்போது நினைவுக்கு வந்தது. படத்துக்கு அடியில் எழுதும் குறிப்பை பிரெஞ்சில் 'லெழாந்த்' என்பார்கள். காலங்காலமாகச் சொல்லி வரும் மரபுக் கதைக்கும் அதே சொல்தான். லத்தீனில் அதற்கு 'வாசிக்கப்பட வேண்டியது' என்று பொருள். பார்த்தாலே தெரிவதை எழுதினால் அது வாசிப்பதற்கில்லை. படம் காட்டாததை, ஆனால் உண்மையானதை எழுத வேண்டும். அதற்கு முதலில், இது எந்தப் பந்தின்போது எடுத்த படம் என்று தெரிய வேண்டும்.

சின்ன மகனிடம் போனில் கேட்டேன். "தோனி கடைசி சிக்ஸர் அடிச்சப்ப எடுத்ததுப்பா" என்றான் யோசிக்காமலே. எடுத்தவன் சொல்கிறான், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்த சிக்ஸருக்கு எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு நாற்காலியே கவிழ்ந்தது. படத்தில் ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நிற்பவர்கள் இரண்டு பேர். ஒருத்தி என் மனைவி, அடுக்களை நிலைப்படியில். அவள் நிற்பதற்குக் காரணம் உண்டு. 275 ரன் எடுத்தால் வெற்றி என்று நம்மவர்கள் ஆட வந்தார்கள். இரண்டாவது பந்திலேயே மலிங்கா பந்தில் சேவாக் எல்.பி.டபிள்யூ. ரன்னே இல்லை. அப்போது அவள் அடுப்பில் இருந்தாள். வேலையை முடித்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்த சமயம், அதே மலிங்கா பந்தில் டெண்டுல்கரும் 18 ரன்னில் கீப்பரிடம் பிடி கொடுத்துப் போனார். 31 ரன்னுக்கு இரண்டு விக்கெட். உடனே பெரியவன், "அம்மா, நீ உட்கார்ந்தாதான் விக்கெட் விழுது, எந்திரி" என்று அவளை எழுப்பிவிட்டான். அவளும் கோபித்துக்கொள்ளாமல் போய் நிலைப்படியில் நின்றாள். சச்சினுக்காக நின்றேன் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆகவே படம் சச்சின் அவுட் ஆன பிறகுதான் எடுக்கப்பட்டிருக்கிறது.

அடுத்த சாட்சி என் மச்சான், மனைவியின் அண்ணன். படத்தில் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் எனக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. பங்குக் கிணற்றில் மோட்டார் ஓட்டும் முறை பற்றிய தகராறு. வெள்ளிக்கிழமை யாருடையது என்பதில் ஆரம்பித்து, நல்லது கெட்டதுக்குக்கூட வராமல் நின்றுவிட்டது. கரிசல் காட்டில் தண்ணீர் விஷயம் அப்படித்தான். இடையில் மாட்டிக்கொண்டவள் என் மனைவி.

அந்த வருஷம் கோடையில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பத்து நாளில் சட்டசபைத் தேர்தல், அப்படியும் கரண்ட் போய்ப் போய் வந்தது. அவருடைய தெரு வேறு டிரான்ஸ்பார்மர். கோலி அவுட் ஆகி ஸ்கோர் 114-க்கு மூன்று என்று இருக்கும்போது அந்தத் தெருவில் கரண்ட் போய்விட்டது. எங்கள் தெருவில் இருந்தது. சிறிது நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். மச்சானின் மகன் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். அவர் படியிலேயே நின்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை. என் மனைவிதான் நிலைப்படியை விட்டு நகராமலே, "உள்ள வாங்கண்ணே, தோனி இறங்கியிருக்காரு" என்றாள்.

அது பெரிய சேதிதான். யுவராஜ் சிங் வர வேண்டிய இடத்தில் தோனி முன்னால் இறங்கியிருந்தார். மறுமுனையில் கம்பீர் இடதுகை ஆட்டக்காரர், யுவராஜும் இடதுகை. வலதும் இடதுமாக நின்றால் பந்துவீச்சாளர் நிலைத்துப் போட முடியாது. அதோடு முரளிதரன் சென்னை அணியில் தோனியோடு ஆடியவர். அவர் பந்து தோனிக்குப் பழக்கம். காரணம் எதுவானாலும், அந்த ஒரு வாக்கியத்தில் மச்சான் உள்ளே வந்துவிட்டார். காலி இடம் எனக்குப் பக்கத்தில் மட்டும்தான் இருந்தது.

இருவரும் டி.வி.யைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தோம். முரளிதரனுக்கு அது கடைசி சர்வதேச ஆட்டம். எட்டு ஓவர் போட்டும் விக்கெட் விழவில்லை. மச்சான் யாரிடம் என்று இல்லாமல், "பாவம், நம்ம தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு விக்கெட்டாவது விழலாம்" என்றார். குழந்தைகள் எல்லாம் "மாமா!" "பெரியப்பா!" என்று பாய்ந்தார்கள். "விழுந்தா விழட்டும், ஜெயிக்கது நாமதான் ஜெயிக்கணும்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஆக, மச்சான் இருக்கிறார் என்றால் கோலி அவுட்டுக்குப் பிறகு எடுத்த படம். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை விழுந்தது ஒரே விக்கெட்.

இனி மூன்றாவது சாட்சி. இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குப் பத்து நாள் ஆனது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, பதினொரு பேரில் மூன்று பேர் டி.வி. பக்கம் பார்க்கவில்லை என்று தெரிந்தது. பெரியவனும், மச்சான் மகனும், என் மனைவியும் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். மனைவியின் கை தாலிச் சரட்டில் இருக்கிறது. மச்சான் மகன்தான் நிற்கும் இன்னொருவன். அவன் வாய் திறந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் அப்போது டிஷ் இருந்தது, எதிர்வீட்டில் கேபிள். இரண்டிலும் ஒரே ஆட்டம்தான், ஆனால் அவர்கள் வீட்டுப் படம் எங்களுக்கு இரண்டு மூன்று நொடி முன்னால் ஓடும். பந்துவீச்சாளர் எங்கள் பெட்டியில் ஓடி வந்துகொண்டிருக்கும்போதே எதிர்வீட்டில் "ஓ" என்று கத்துவார்கள். அது பவுண்டரி. "ஐயோ" என்றால் விக்கெட். மலிங்காவின் இரண்டு விக்கெட்டும் எங்களுக்கு ஜன்னல் வழியாகத்தான் முதலில் வந்து சேர்ந்தன. ஜன்னலைச் சாத்தலாம் என்றால் ஏப்ரல் புழுக்கம்.

ஜன்னல் பக்கம் திரும்பிய அந்த மூன்று முகமும் "ஓ" கேட்ட முகம் இல்லை. ஆகவே இது கம்பீர் அவுட். 97 ரன். சதத்துக்கு மூன்று ரன் பாக்கி. திசாரா பெரேரா பந்துக்கு இறங்கி வந்து வீசினார், பந்து ஸ்டம்பில் போய் விழுந்தது. அப்போது ஸ்கோர் 223. இன்னும் 52 ரன் எடுக்க வேண்டும். எங்கள் பெட்டியில் அந்தப் பந்து இன்னும் போடப்படவில்லை. மகன் எடுத்தது அந்த இரண்டு நொடிக்குள். என்னவோ நடந்துவிட்டது, என்னவென்று தெரியவில்லை. மடியில் இருந்த சின்னப் பேத்தி மட்டும் எதையும் அறியாமல் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அதே படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. மச்சானின் வலது கை என் முழங்காலை இறுக்கிப் பிடித்திருக்கிறது. பிடித்தது அவருக்கும் தெரியாது. எனக்கும் அப்போது தெரிந்த ஞாபகம் இல்லை. எதிர்வீட்டு "ஐயோ" கேட்ட நொடியில், கைக்கு எட்டியதைப் பிடித்துக்கொண்டார். மூன்று வருஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத கை அது.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். யுவராஜ் வந்தார். குலசேகரா பந்தில் தோனியின் சிக்ஸர், பத்துப் பந்து மிச்சம் வைத்து ஆறு விக்கெட்டில் வெற்றி. தோனி 91 நாட் அவுட். தெருவெல்லாம் வெடி. என் மனைவி அப்போதுதான் உட்கார்ந்தாள். மச்சான் எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு, "மாப்பிள்ள, வெள்ளிக்கிழமை நீங்களே ஓட்டுங்க" என்றார். "இல்ல மச்சான், உங்க முறைதான்" என்றேன். அதற்கும் கொஞ்ச நேரம் வாதாடினோம். நள்ளிரவில் மிச்சம் இருந்த சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

மச்சான் இன்று இல்லை. என் மனைவியும் போய் நாலு வருஷம் ஆகிறது. இந்தக் கதையைச் சொல்ல அந்தக் கூடத்தில் இருந்த பெரியவர்களில் நான் ஒருவன்தான் மிச்சம். நாளைக்குப் படத்தைப் பார்க்கிற கொள்ளுப்பேரனுக்கு "கோப்பை வென்ற இரவு" என்று எழுதிவைத்தால், ஜெயித்ததற்கு ஏன் இப்படி முழிக்கிறார்கள் என்றுதான் கேட்பான்.

நேற்று இரண்டு வரி எழுதி மகளுக்கு அனுப்பிவிட்டேன்:

"2011 ஏப்ரல் 2. கம்பீர் அவுட்; எதிர்வீட்டுக்குத் தெரிந்துவிட்டது, எங்களுக்கு இன்னும் இரண்டு நொடி ஆகும். அப்பாவின் முழங்காலில் இருப்பது மாமாவின் கை."

மகள் பதில் எழுதவில்லை, போன் செய்தாள். "அப்பா, அந்தக் கையை நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்லப்பா" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.