எம்டன் கப்பலின் காயக்காரர்கள்

எம்டன் என்ற பெயரைக் கேளாத தமிழ்க் குடும்பம் இராது. 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு சென்னையின்மீது குண்டு வீசிய அக்கப்பல், மெல்லத் தெற்கே திரும்பி வங்கக் கடல் வழியே போயிற்று. பூவத்துக் கரையில் நிற்கும் நமக்கு அக்கதை இன்றும் அந்நியமாகத் தோன்றுவதில்லை. ஆனால் அக்கப்பலின் முடிவில் வைத்தியர்கள் பட்ட பாட்டை நாம் அதிகமாகப் பேசுவதில்லை.

அவ்வருஷம் நவம்பர் 9-ந் தேதி, கோகோஸ் தீவுகளுக்கருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னி எம்டனை அடித்து நொறுக்கிற்று. எம்டன் பவளப் பாறையில் ஏறி நின்றது. அதில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அறுபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். இந்தப் பெருங்கூட்டத்துக்கு மருந்திடும் வேலை பெரும்பாலும் லூதர் என்ற ஒரே ஜெர்மன் வைத்தியர் தலையில் விழுந்தது. மருந்தும் கட்டுத் துணியும் அநேகமாக அழிந்துவிட்டன. அவருடைய உதவி வைத்தியரோ தீவில் கரையேறி அங்கேயே உயிர் துறந்தார்.

சிட்னி உடனே உதவிக்கு வர இயலவில்லை. எம்டனிலிருந்து முன்பே தீவில் இறங்கிய வீரர்களைத் தேட வேண்டியிருந்தது. ஆகவே மறுநாள் பிற்பகல்தான் அதன் படகுகள் எம்டனை அணுகின. அலை ஓயாது மோதும் இடத்தில், ஒவ்வொரு காயக்காரரையும் மெதுவாகப் படகிலிறக்கப் பல மணி நேரம் சென்றது. அதற்குள் உஷ்ணப் பிரதேசத்து ஈக்கள் தம் வேலையைச் செய்துவிட்டன. புண்களில் புழுக்கள் நெளிந்தன.

இத்தகைய புண்ணை அப்படியே தைத்து மூடுவது ஆபத்து. குண்டுச் சில்லையும் செத்த சதையையும் அகற்றிக் கழுவி, திறந்தே கட்ட வேண்டும். காயத்தைச் சுற்றித் தோலை அழுத்தும்போது நொறுநொறுவென்று சப்தம் கேட்டு, துர்நாற்றமும் வீசினால், உள்ளே வாயு சேர்ந்து அழுகல் பரவுகிறதென்று அறியலாம். அக்காலத்தில் அந்நிலையில் பெரும்பாலும் அங்கத்தை வெட்டியெடுக்க நேர்ந்தது.

சிட்னியின் வைத்தியர்களான டார்பியும் டாட்டும், கோகோஸ் தந்தி நிலையத்து வைத்தியரின் துணையோடு, அன்று மாலை தொடங்கி விடியற்காலம்வரை ரண சிகிச்சை செய்தனர். முதல் நாள் முதல் அவர்களுக்கு உறக்கமே இல்லை. தம் கப்பலின் காயக்காரர்களையும் அவர்களே கவனித்தாக வேண்டும். லூதரும் பின்னர் அவர்களுக்குத் துணை நின்றார்.

போர்க் கப்பலில் இச்சிகிச்சைக்கு ஓர் எல்லை உண்டு. இடம் குறுகியது, மறுபடியும் சண்டை நேர்ந்தால் காயக்காரர்களும் அதில் சிக்குவர். 1907-ஆம் வருஷத்து ஹேக் உடன்படிக்கைப்படி, வெள்ளை வர்ணம் பூசி, பச்சைப் பட்டை தீட்டிய அரசாங்க ஆஸ்பத்திரிக் கப்பலை எதிரி தாக்கலாகாது என்பது அக்காலத்து விதி. ஆனால் அப்படியொரு கப்பல் அவ்வமயம் அருகில் இல்லை. 12-ந் தேதி எம்ப்ரஸ் ஆப் ரஷ்யா என்ற கப்பல் வந்து, இடம் மாற்றத் தக்கவர்களில் பலரை ஏற்றிக்கொண்டது. நிலை மோசமானவர்கள் சிட்னியிலேயே இருந்தனர்.

15-ந் தேதி சிட்னி கொழும்புத் துறைமுகத்தில் நுழைந்தது. காயக்காரர்களை முன்னிட்டு ஆரவாரம் வேண்டாமென்று அதன் தலைவர் முன்னதாகவே சொல்லியனுப்பியிருந்தார். வெற்றிக் கப்பலை அத்துறைமுகம் மௌனமாகவே வரவேற்றது.