மாற்றி வந்த மிக்ஸியும் பழுது என்றால்

ஆன்லைனில் வாங்கிய மிக்ஸியில் மோட்டார் கருகல் வாடை. மாற்றி அனுப்பினார்கள்; அதிலும் ஜார் அடியில் தண்ணீர் கசிந்து மோட்டாருக்குள் இறங்கியது. கஸ்டமர் கேர் பெண், "இன்னொன்று அனுப்புகிறோம் சார்" என்றார். "வேண்டாம்மா, பணம்தான் வேண்டும்" என்றேன்.

இங்கே முக்கியமானது, செயலியில் 'மாற்று' பொத்தானைத் தொடாமல் இருப்பது. தொட்டால் நாமே சம்மதித்ததாகிவிடும். கசிவை வீடியோ எடுத்து, இரண்டு பழுதையும் தேதியோடு எழுதி, அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 2020 மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பழுதான பொருளுக்குப் பணம் தர விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. இதை மின்னஞ்சலில் குறிப்பிட்டேன். பணத்தை அவர்களுடைய வாலட்டில் போடுவதாகச் சொன்னார்கள், மறுத்தேன். பணம் கட்டிய கணக்குக்கே திரும்பி வந்தது.

உங்களுக்குப் பணம் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமே இல்லை. பழுதான பொருளை ரசீது வாங்காமல் மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள்.