117 ரூபாய் லாபம் என்று நினைத்த ஆர்டர்

மணப்பாறையில் முறுக்கு சுட்டு இணையத்தில் விற்கும் அந்த அக்காவுக்கு மாதம் 300 ஆர்டர் வந்துகொண்டிருந்தது. விற்பனை ஏறிக்கொண்டே போனது. மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் மட்டும் அந்த ஏற்றம் தெரியவில்லை. "நல்லாத்தான் விக்குது தம்பி, காசுதான் எங்க போகுதுன்னு தெரியல" என்றார் கணக்கரிடம்.

கணக்கர் திருச்சிக்காரர். இணையத்தில் கடை நடத்தும் சிறு வியாபாரிகள் சிலருக்குக் கணக்குப் பார்ப்பவர். மாத வரவு செலவை அவர் கேட்கவில்லை. மூன்று கோப்புகளைத்தான் கேட்டார்: கடை மென்பொருளிலிருந்து ஆர்டர் பட்டியல், பேமென்ட் கேட்வே அனுப்பும் செட்டில்மென்ட் அறிக்கை, கூரியர்காரர் அனுப்பிய பில். ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு வரி, அந்த வரியின் கடைசியில் கையில் நின்ற லாபம். அவர் போட நினைத்த கணக்கு அவ்வளவுதான்.

அக்காவிடமும் ஒரு கணக்கு இருந்தது. மாதத்துக்குக் கொடுத்த மொத்தக் கூரியர் கூலியை ஆர்டர் எண்ணிக்கையால் வகுத்து, ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று வைத்திருந்தார். கணக்கருக்கு இதில் உடன்பாடே இல்லை. சராசரி போட்டால் திருச்சிக்குப் போன பார்சலும் டெல்லிக்குப் போன பார்சலும் ஒரே கூலியில் போனதாக ஆகிவிடும். எந்த ஆர்டர் கையைக் கடிக்கிறது என்பது அதற்குள்ளேயே மறைந்துவிடும்.

மூன்று கோப்புகளையும் இணைப்பது ஆர்டர் எண். கூரியர் பில்லிலிருந்து கூலியை எடுத்துவர அவர் எழுதிய சூத்திரம் இது:

```
=SUMIFS(courier!F:F, courier!A:A, A2)
```

`VLOOKUP` போட்டாலும் கூலி வரும். ஆனால் அது முதலில் கண்ட வரியோடு நின்றுவிடும். கூரியர் பில்லில் ஒரே ஆர்டருக்கு இரண்டு மூன்று வரிகள் இருக்கும். அனுப்பிய கூலி முதலில் வரும். சில நாள் கழித்து எடை வித்தியாசம் என்று ஒரு வரி வரும். பார்சல் திரும்பியிருந்தால் அதற்கு இன்னொரு வரி. எல்லாவற்றையும் கூட்டித்தான் ஆக வேண்டும்.

இந்தச் சூத்திரத்திலும் ஒரு பள்ளம் உண்டு. ஆர்டர் எண் பொருந்தாவிட்டால் அது பிழை காட்டாது, பேசாமல் பூஜ்யம் போட்டுவிடும். கடைப் பட்டியலில் `#1047` என்றும் கூரியர் பில்லில் `1047` என்றும் இருந்தால் அந்த ஆர்டர் கூலியே இல்லாமல் போனதாகக் காட்டி, லாபப் பட்டியலின் உச்சியில் போய் உட்காரும். அதனால் கணக்கர் முதலில் பார்ப்பது நஷ்ட ஆர்டர்களை அல்ல, அதிக லாபம் காட்டும் 20 ஆர்டர்களை. அக்காவின் பட்டியலில் அப்படி 11 ஆர்டர்கள் கூலி பூஜ்யமாக நின்றன. அவற்றைச் சரிசெய்த பிறகே லாபத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினார்.

மேலே வந்து நின்றவற்றில் ஒன்று டெல்லி ஆர்டர். 250 கிராம் பாக்கெட் மூன்று, பாக்கெட் 210 ரூபாய், மொத்தம் 630. அக்காவின் கடையில் 599 ரூபாயைத் தாண்டினால் டெலிவரி இலவசம். இந்த 630 முழுவதும் அக்காவின் பணமல்ல. விலைக்குள்ளேயே 5 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது. அந்த 30 ரூபாய் அரசுக்குப் போக, மிச்சம் 600. கேட்வேயும் கூரியரும் தங்கள் கட்டணத்தின் மேல் போடும் 18 சதவீத வரியை அக்கா உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறார். அதனால் செலவுகளையும் வரி நீக்கித்தான் எழுத வேண்டும். ஒரு பக்கம் வரியோடும் மறுபக்கம் வரியில்லாமலும் எழுதுவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தப்பு.

மாவு, எண்ணெய், சுடுகிறவர் கூலி, பவுச் எல்லாம் சேர்த்து பாக்கெட்டுக்கு 110 ரூபாய் அடக்கம், மூன்றுக்கு 330. கேட்வே கட்டணம் 2 சதவீதம். அது 600க்கு அல்ல, வாடிக்கையாளர் கட்டிய 630க்கு. ஆக 12 ரூபாய் 60 காசு. அட்டைப்பெட்டி, உள்ளே வைக்கும் காகிதம், டேப், லேபிள் சேர்த்து 35. பார்சல் எடை ஒரு கிலோவுக்குள் என்பதால் முதல் அரை கிலோவுக்கு 60, அடுத்த அரை கிலோவுக்கு 45 என்று கூரியருக்கு 105 ரூபாய்தான் ஆகும் என நினைத்து அனுப்பியிருந்தார் அக்கா. அப்படிப் பார்த்தால் 117 ரூபாய் 40 காசு லாபம்.

கூரியர் பில்லில் அந்த வரி 240 ரூபாய்.

"தராசுல வச்சுப் பாத்துத்தான் தம்பி அனுப்பினேன், 950 கிராம்தான் இருந்துச்சு" என்றார் அக்கா. அவர் சொன்னது உண்மை. ஆனால் கூரியர்காரர்கள் தராசு எடையோடு வால்யூமெட்ரிக் எடையையும் பார்ப்பார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பார்கள் (சிலர் வேறு எண்ணால் வகுப்பதும் உண்டு, ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்). இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூலி. அக்கா வாங்கி வைத்திருந்தது ஒரே அளவுப் பெட்டி, 30க்கு 25க்கு 16. பெருக்கினால் 12,000, வகுத்தால் 2.4 கிலோ. அரை கிலோ படிக்கட்டில் ஏற்றி 2.5 கிலோவுக்குப் பில். முதல் அரை கிலோ 60, அடுத்த நான்கு அரை கிலோவுக்கு 180. லாபம் 117 ஆக இருக்க வேண்டிய ஆர்டர், 17 ரூபாய் 60 காசு நஷ்டம். முறுக்கைவிடப் பெட்டிக்குள் இருந்த காற்றுக்குத்தான் அதிகக் கூலி போயிருக்கிறது.

அதே பெட்டி சென்னைக்குப் போனபோது 62 ரூபாய் நின்றது. மாநிலத்துக்குள் கூலி குறைவு என்பதால் இந்த ஓட்டை அங்கே உறைக்கவில்லை. விற்பனையில் பெரும்பங்கு தமிழ்நாட்டுக்குள் இருந்தவரை எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கிறது. வெளிமாநில ஆர்டர் கூடக் கூட, விற்பனை ஏறிப் பணம் ஏறாமல் போயிருக்கிறது.

நஷ்டம் மேலே நிற்கும் அந்தப் பட்டியலின் உச்சியில் இன்னொரு வகையும் இருந்தது. பொருள் கைக்கு வந்ததும் பணம் தருகிறேன் என்று போட்டுவிட்டு, வீட்டு வாசலில் வேண்டாம் என்று திருப்பிய ஆர்டர்கள். கடை மென்பொருளில் அவை ரத்தானவை என்று ஒதுங்கிவிடும். ஏற்றுமதி செய்யும்போதே அவற்றை நீக்கிவிடுவது பலருக்கும் பழக்கம். கணக்கர் அவற்றை வரவு பூஜ்யம் என்று பட்டியலிலேயே வைத்தார். போன கூலி, வந்த கூலி, பெட்டி எல்லாம் நஷ்டம். புடவையாக இருந்தால் திரும்பி வந்ததை மடித்து வைத்து மறுபடி விற்கலாம். பத்து நாள் லாரியில் ஆடி நொறுங்கி வந்த முறுக்கின் அடக்கத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பெட்டியை மாற்றுவது உட்கார்ந்த இடத்தில் முடிகிற காரியமாக இல்லை. முறுக்கு உடையாமலிருக்கத்தான் அக்கா பெரிய பெட்டிக்குப் போயிருந்தார். 28க்கு 20க்கு 12 அளவில் மாதிரிப் பெட்டி வாங்கி, பாக்கெட்டுகளைப் படுக்கவைத்து, நடுவில் அட்டை கொடுத்து, டெல்லியிலும் புனேயிலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஆறு பார்சல் அனுப்பினார். ஒன்றில் மட்டும் ஒரு பாக்கெட் நொறுங்கியிருந்தது. ஓரத்தில் அட்டை விட்டுப்போன பெட்டி அது. இந்த அளவுக்கு வால்யூமெட்ரிக் எடை 1.34 கிலோ, பில் 1.5 கிலோவுக்கு, கூலி 150. அதே ஆர்டரில் இப்போது 72 ரூபாய் 40 காசு நிற்கிறது.

இதிலும் எல்லாம் அடங்கிவிடவில்லை. விளம்பரச் செலவும் வாடகையும் இந்த வரிகளில் இல்லை, அவை 72 ரூபாயிலிருந்துதான் போக வேண்டும். எண்ணெய் விலை மாறும்போதெல்லாம் 110 என்ற அடக்கத்தையும் மாற்ற வேண்டும், அதுவும் ஆர்டர் போன தேதியிலிருந்த விலைக்கு. எடை வித்தியாச வரிகள் தாமதமாக வருவதால், ஒரு மாதக் கணக்கைக் கணக்கர் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்கு முன்னால் மூடுவதில்லை.

அக்கா இப்போது பார்சல் கட்டும் மேசையில் தராசுக்குப் பக்கத்தில் ஓர் அளவு டேப்பையும் வைத்திருக்கிறார். கட்டும் பெண்கள் பெட்டியின் மூன்று அளவையும் லேபிளின் மூலையில் பேனாவால் எழுதி, கூரியர்காரர் எடுத்துப்போகும் முன் ஒரு படம் எடுத்து வைக்கிறார்கள். பில்லில் எடை கூடி வந்தால் ஆட்சேபம் போட அந்தப் படம்தான் வேண்டும்.