குளிசைக்குள் இருந்த அயடின்

தலவிலயில் இருக்கும் என் உம்மம்மாவுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போனதால், தினமும் அமியோடரோன் 200 மில்லிகிராம் குளிசை ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். படபடப்பு நன்றாக அடங்கியது. ஏழெட்டு மாதங்களின் பின் வேறொரு மாற்றம் வந்தது. உச்சி வெயிலிலும் போர்வை கேட்டார். குரல் கரகரத்தது, முகம் ஊதியது, பேச்சு இழுபட்டது. “வயசாகிட்டுது மகள்” என்பார். வயது இப்படி இரண்டு மாதத்தில் வந்து இறங்குமா என்று உம்மா கேட்டுக்கொண்டே கிளினிக் கொப்பியுடன் டொக்டரிடம் கூட்டிப்போனார்.

டி.எஸ்.எச். பரிசோதனையில் அளவு 42 என்று வந்தது. வழமையாக அது 4 அளவைத் தாண்டக் கூடாது. தைரொயிட்டுச் சுரப்பி சோர்ந்தால் மூளையடியிலுள்ள கபச்சுரப்பி டி.எஸ்.எச்.சைக் கூட்டி அதைத் தட்டி எழுப்பப் பார்க்கும். குளிசை தொடங்கும் முன் எடுத்த அளவு 3 என்று கொப்பியில் இருந்ததால், காரணம் குளிசைதான் என்று டொக்டருக்கு உடனே பிடிபட்டது.

அயலில் சிலர் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். புத்தளத்து உப்பில் அயடின் சேர்க்கிறார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியுமே! ஆனால் கணக்கு வேறு. அமியோடரோனின் எடையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அயடின்தான்; 200 மில்லிகிராமில் ஏறத்தாழ 75 மில்லிகிராம். அதில் ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம் அளவு இரத்தத்தில் விடுபடுகிறது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்கிரோகிராம் மட்டுமே. நாற்பது நாள் அயடின் ஒரே நாளில்!

அயடின் கூடினால் ஓமோனும் கூடும் என்றுதான் நானும் நினைப்பேன். நடப்பது மறுதலை. வெள்ளம்போல் அயடின் வந்தால் சுரப்பி ஓமோன் செய்வதையே நிறுத்திவிடும். 1948 இல் வுல்ஃப், சைக்கோஃப் என்ற இருவர் எலிகளில் இதைக் கண்டார்கள். ஆரோக்கியமான சுரப்பி சில நாட்களில் அயடினை உள்ளே எடுப்பதைக் குறைத்து, மறுபடி வேலைக்கு வந்துவிடும். முன்பே சிறிது பழுதடைந்த சுரப்பிக்கு அந்த மீட்சி வாய்ப்பதில்லை. இதே மருந்து சிலரில் தைரொயிட்டை எதிர்ப்பக்கம் தூண்டியும் விடும். அப்போது உடல் மெலிந்து, அடங்கிய படபடப்பு திரும்பி வரும்.

மனநோய்க்குக் கொடுக்கும் லிதியத்தின் வழி வேறு. அதில் அயடினே இல்லை. அது சுரப்பிக்குள் சேர்ந்து, செய்து வைத்த ஓமோன் வெளியே போகும் வாசலை அடைக்கிறது.

அமியோடரோனை நிறுத்தச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தோம். டொக்டர் நிறுத்தவில்லை. இதயத்துக்கு அது வேண்டும். நிறுத்தினாலும் கொழுப்பில் தங்கி மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்குமாம். பதிலாக, குறைகிற ஓமோனையே தைரொக்சின் குளிசையாகக் கொடுத்தார். இதயம் திடீரென்று வேகமெடுக்காதிருக்க 25 மைக்கிரோகிராமில் ஆரம்பம். விடியற்காலை வெறும் வயிற்றில், தண்ணீர் மட்டும்; தேநீர் அரைமணி கழித்து. உம்மம்மாவுக்கு அந்த அரைமணிதான் பெரிய வழக்கு. ஆறு கிழமை கழித்து இரத்தம் மறுபடி எடுத்தபோது டி.எஸ்.எச். 19. அளவை 50 ஆக்கி, அடுத்த திகதியைக் கொப்பியில் எழுதித் தந்தார்கள்.