அப்பாவின் சேட்டக்

படத்தில் இருப்பது அப்பாவின் பஜாஜ் சேட்டக். ராமேஸ்வரம் உப்புக்காத்து இதைத் தின்ன ஆரம்பிச்சது கால் வைக்கிற தகட்டிலிருந்துதான். பெயிண்ட் கொப்புளம் மாதிரி உப்பும். தட்டினா உள்ளே துரு. பாம்பன் பாலம் தாண்டி வந்த அன்னைக்கெல்லாம் அப்பா ஒரு குடம் நல்ல தண்ணி ஊத்திக் கழுவுவார். அம்மா திட்டுவாங்க, குடிக்கிற தண்ணியாச்சே!

எனக்கு ஏழு வயசுல ஒரு ராத்திரி இளைப்பு அதிகமாயிடுச்சு. ராமநாதபுரம் ஆஸ்பத்திரி 50 கிலோமீட்டருக்கு மேல. அப்பா வண்டியைச் சாய்த்து, நாலு உதை உதைச்சு ஸ்டார்ட் பண்ணினார். நான் வழக்கம்போல முன்னாடி நின்னு, ஹேண்டில்பாரில் ரெண்டு கையையும் ஊன்றிக் குனிஞ்சுக்கிட்டேன். மூச்சுத்திணறுபவர்கள் தானாகவே அப்படித்தான் குனிவார்கள், தோள் தசைகளும் மூச்சுக்கு உதவும் என்பதைப் பின்னால் எம்.பி.பி.எஸ்.ஸில் படித்தேன்.

பாலத்துக்கு முன்னாடி அப்பா வண்டியை நிறுத்தினார். "காத்து மூஞ்சில அடிக்குது, பின்னாடி வாடா." அவருக்கும் அம்மாவுக்கும் நடுவில் என்னை நிமிர்த்தி உட்கார வைத்து, துண்டால் மூக்கையும் வாயையும் தளர்வாகச் சுத்தினார். குளிர்காத்து நேரா உள்ளே போனா மூச்சுக்குழாய் இன்னும் சுருங்கும். அப்பா எட்டாவதுதான் படிச்சவர்.

இப்போ நைட் டூட்டியில் இளைப்போடு வர்ற குழந்தையைப் படுக்க வைக்கப் பார்த்தா, "உக்கார வைங்கம்மா"ன்னு சொல்லிட்டுத்தான் நெபுலைசரை எடுக்கிறேன்.

வண்டி இப்போ ஓடாது. அப்பாவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குடம் தண்ணி மட்டும் ஊத்துறேன்.