செம்மேட்டுக்கு ஒரு நோட்டீஸ்

2025 ஜூலைக் கடைசியில் கொல்லிமலை ஏறுவதற்கு முன், சேந்தமங்கலத்து அச்சகம் ஒன்றில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். நண்பர்கள் செம்மேட்டில் சனி, ஞாயிறு இரண்டு நாள் சிறிய புத்தகக் கண்காட்சி வைத்திருந்தார்கள். அதற்கு பிட் நோட்டீசும் ஒரு வால் போஸ்டரும் தேவைப்பட்டன. ஐந்து வரி மேட்டர்தானே, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று போனேன்.

கணினியில் இருந்த அக்காவுக்கு இந்த வேலையில் இருபது வருட அனுபவம். நண்பர் செல்பேசியில் அனுப்பிய மேட்டரை அவர் தன் மென்பொருளில் ஒட்டியதும் ‘கொல்லிமலை’ உடைந்துபோனது. கொம்பு எழுத்தை விட்டு விலகி, புள்ளிவட்டத்தோடு தனியாக நின்றது. செல்பேசியில் இருப்பது யூனிகோடு. அவர் போஸ்டருக்கு வைத்திருக்கும் தடித்த எழுத்துருக்கள் பழைய முறையில் செய்யப்பட்டவை. மாற்றித் தரும் கருவி அவரிடமும் இருக்கிறது. ஆனாலும் சின்ன மேட்டர் என்றால் கையாலேயே திரும்ப அடித்துவிடுகிறார். “அடிக்கறப்பதான் சார் ஒவ்வொரு சொல்லும் கண்ணுல படும். ஒட்டிட்டா படிக்கவே மாட்டோம்.”

அப்படி அடிக்கும்போதுதான் கை நின்றது. மேட்டரில் ‘ஆகஸ்ட் 2, 3 (வெள்ளி, சனி)’ என்று இருந்தது. சுவரில் தொங்கிய காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். சனி, ஞாயிறு. போன வருடத்து நோட்டீசை எடுத்து ஆண்டை மட்டும் திருத்தி அனுப்பியிருந்தார் நண்பர். சாதாரண வருடம் 52 வாரமும் ஒரு நாளும் கொண்டது. ஆகவே அதே தேதி மறுவருடம் ஒரு கிழமை தள்ளி விழும். இடையில் பிப்ரவரி 29 வந்தால் இரண்டு கிழமை தள்ளும். பழைய மேட்டரைத் திருத்தி அனுப்புகிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான் என்றார் அக்கா. தேதியும் கிழமையும் முரண்பட்டால், படிப்பவர் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வார். பாதிப் பேர் வெள்ளிக்கிழமை வந்து நிற்பார்கள்.

அடுத்தது இடம். ‘சமுதாயக் கூடம், கொல்லிமலை’ என்று எழுதியிருந்தோம். கொல்லிமலை ஓர் ஊர் இல்லை. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று பல நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் மலை. மலைக்காரருக்கு அந்தச் சொல் எந்த இடத்தையும் காட்டாது. ‘செம்மேடு’ என்று போட்டு, கீழே ‘வல்வில் ஓரி சிலை அருகில்’ என்று சேர்த்தார். ஆடி 17, 18-ல் அங்கே ஓரி விழா நடக்கும். அந்த வருடம் எங்கள் தேதியும் அதுவே. வருகிற கூட்டத்துக்குச் சிலையைத் தெரியாமல் இருக்காது.

நேரத்தைத்தான் அதிகம் பேசினோம். நாங்கள் எழுதியது காலை 11 முதல் இரவு 8.30 வரை. சென்னைப் புத்தகக் காட்சியின் விடுமுறை நாள் நேரம் அது. நந்தனத்தில் இரவு எட்டரைக்கு வெளியே வந்தாலும் பஸ் உண்டு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவரும், உள்நாட்டுக் கிராமத்திலிருந்து வந்தவரும் மாலை பஸ்ஸை விட்டால் திண்டாட வேண்டும். காலை 9 முதல் மாலை 5 என்று மாற்றினோம்.

‘அனுமதி இலவசம்’ என்ற வரியையும் அக்கா விடவில்லை. பெரிய எழுத்தில் புத்தகத்துக்குப் பக்கத்தில் ‘இலவசம்’ என்று இருந்தால், புத்தகமே சும்மா கிடைக்கும் என்று நம்பி ஆட்கள் வந்துவிடுகிறார்களாம். அப்படி வந்து வெறுங்கையோடு திரும்பியவர்களை அவர் பார்த்திருக்கிறார். கேட்டபோது எனக்கும் வருத்தமாக இருந்தது. கடைசியில் நின்ற மேட்டர் இது:

புத்தகக் கண்காட்சி
ஆகஸ்ட் 2, 3 (சனி, ஞாயிறு)
காலை 9 முதல் மாலை 5 வரை
சமுதாயக் கூடம், செம்மேடு
(வல்வில் ஓரி சிலை அருகில்)
உள்ளே வரக் கட்டணம் இல்லை

புரூப்பை அக்கா கீழிருந்து மேலாக ஒரு தடவை படித்தார். மேலிருந்து படித்தால் மனம் தானாக நிரப்பிக்கொண்டு போய்விடுமாம்.

போஸ்டர் ஒட்டுகிறவரோடு நானும் மலை ஏறினேன். காய்ச்சிய மைதாப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம் கலந்திருந்தார். மேலே சாரலும் பனியும். வெளிச்சுவரில் ஒட்டினால் பசை காயாமல் காலைக்குள் தாள் மடிந்து தொங்கும் என்று, கடைகளின் கூரை இறக்கத்துக்கு அடியிலேயே இடம் தேடினார். ஒட்டியபின் உலர்ந்த துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து, கிழமை வரியில் சுருக்கம் விழாமல் பார்த்துக்கொண்டார்.

விழாவுக்கு மேட்டர் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போன வருடத்து நோட்டீசிலிருந்து எடுக்காதீர்கள். காலண்டரை ஒரு தடவை பார்த்துவிட்டு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.